சேர்ந்தவங்க எத்தனை பேர்?

கம்பெனி வேன் ஓட்டுகிறவருக்கு அன்றைக்குத் தலைகால் புரியவில்லை. பயிற்சி நிலையத்தின் வரவேற்பறையில், சுவர் முழுக்க ஒட்டியிருந்த பழைய மாணவர் முகங்களை வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு முகத்துக்குக் கீழேயும் ஒரு கம்பெனி பேர். மேலே பெரிய எழுத்தில், 'நூறு சதவீத வேலை உத்தரவாதம்.'

கிடங்கு நிர்வாகப் படிப்பு, ஆறு மாசம், பகல் நேர வகுப்பு. சேரவேண்டுமென்றால் பார்க்கிற நிரந்தர வேலையை விட வேண்டும். அவர் மனைவிக்கு அதுதான் உறுத்தியது. தையல் யூனிட்டில் லீவு போட்டுவிட்டுக் கூடவே வந்திருந்தாள்.

"போன பேட்ச்ல எத்தனை பேர் சேர்ந்தாங்க மேடம்?" என்று கேட்டாள்.

"எலிஜிபிள் ஸ்டூடண்ட்ஸ் எல்லாருக்குமே வேலை கிடைச்சிடுச்சுங்க," என்றாள் சேர்க்கை பார்க்கிற பெண்.

"எலிஜிபிள்னா?"

"அட்டெண்டன்ஸ் இருக்கணும், டெஸ்ட் பாஸ் பண்ணணும், வந்த வேலைய வேண்டாம்னு சொல்லக்கூடாது."

"அது சரி. நான் கேட்டது சேர்ந்தவங்க எத்தனை பேருன்னு."

அந்தப் பெண் பூசி மெழுகினாள். பழைய மாணவர்கள் ரெண்டு பேருடைய நம்பரை எழுதி நீட்டினாள்.

"நீங்களா குடுக்குறவங்க நல்லபடியாத்தான் பேசுவாங்க. சுவத்துல நான் கைகாட்டுறவங்க நம்பரக் குடுங்க."

"அதெல்லாம் வெளிய தரமாட்டோம்."

மனைவி போனை எடுத்துச் சுவரைப் படம் பிடித்துக்கொண்டாள். வெளியே வந்ததும் அவர் முகம் உம்மென்று ஆனது.

"பொண்ணு பாக்க வந்த மாதிரி குடையிறியே, மானம் போகுது."

"பொண்ணு பாக்க வந்தப்ப எங்கப்பா உங்களக் குடையாம விட்டதுதாங்க தப்பு."

அவர் சிரித்துவிட்டார். "சரி, விசாரி. திங்கக்கிழமை சாயங்காலம் வேலைய விடுற லெட்டர் குடுக்கணும், அதுக்குள்ள."

சுவரில் ஒரே கிடங்கின் பேர் ஒன்பது முகங்களுக்குக் கீழே இருந்தது. திங்கட்கிழமை அரை நாள் லீவில் அங்கே போனாள். வாசலில் இருந்த சூப்பர்வைசர் போனை வாங்கி, படத்தைப் பெரிசாக்கிப் பார்த்தார்.

"இவங்களா? சீசன்ல ஆள் பத்தலன்னு, தற்காலிக ஆள் அனுப்புற ஏஜென்சி மூலமா வந்தாங்கம்மா. பெட்டி இறக்குற வேலை. சீசன் முடிஞ்சது, அனுப்பிட்டோம். ஒருத்தர் மட்டும் இருக்காரு, கூப்புடுறேன்."

வந்தவருக்கு நாற்பதை ஒட்டிய வயசு. முன்னால் கடையில் கணக்கு எழுதினவராம். சட்டையெல்லாம் அட்டைத்தூசி.

"வேலைக்கான லெட்டர கையில குடுத்த அன்னிக்கே ஃபோட்டோ எடுத்துட்டாங்க தங்கச்சி. அவங்க கணக்குல அத்தோட வேலை கிடைச்சாச்சு. அடுத்த வாரம் இருக்கமா, போயிட்டமான்னு யாரும் கேக்கல."

"ஒருத்தரும் எதிர்த்துக் கேக்கலையாண்ணா?"

"கேட்டவன இன்னொரு எடத்துக்கு அனுப்புவாங்க. வெளியூரு, நைட்டு லோடிங். முடியாதுன்னா, வந்த வேலைய நீதான் வேண்டாம்னுட்டேன்னு கை கழுவிடுவாங்க. பாதில நின்னவங்க பேரு கணக்குலயே வராது."

ஒருத்தர் வார்த்தையை வைத்து மட்டும் முடிவு பண்ண அவளுக்கு மனசு ஒப்பவில்லை. அவர்கள் பேட்ச் வாட்ஸாப் குழுவில் கேட்கச் சொன்னாள். படிச்ச வேலையில் இன்னும் இருப்பவர்கள் யார்? நாற்பத்திரண்டு பேர் இருந்த குழு. டீ குடித்து முடிப்பதற்குள் மளமளவென்று பதில் வந்தது. ஒருத்தர் ஆட்டோ ஓட்டுகிறார். ஒருத்தி துணிக்கடையில். பலபேர் வெறும் கும்பிடு படம் மட்டும் போட்டிருந்தார்கள். 'இருக்கேன்' என்றது ரெண்டே பேர். ஒருவருக்கு மாமனார் கம்பெனி. இன்னொருவர் படிக்க வருவதற்கு முன்னாலேயே ஸ்டோர் கீப்பராக இருந்தவர். பதில் போடாதவர்களில் ரெண்டு மூணு பேர் நன்றாக இருக்கலாம். அப்படியே வைத்துக்கொண்டாலும் கணக்கு தேறவில்லை.

வீட்டுக்கு வந்தபோது அவர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். வேலை நேரத்தில் வீட்டில்! அவள் கேட்டு வந்ததை ஒன்று விடாமல் சொன்னாள்.

"என்னங்க, லெட்டர் குடுக்கலதான?"

"காலைல அந்தப் பொண்ணு போன் பண்ணிச்சு. மத்தியானத்துக்குள்ள சொல்லலைன்னா சீட்டு போயிடும்னுச்சு."

"குடுத்துட்டீங்களா?"

"மேனேஜர் யோசிக்கக்கூட இல்ல. உடனே கையெழுத்துப் போட்டாரு. இன்னிக்கே போலாம்னுட்டாரு. எப்படா ஒரு நிரந்தர ஆளு கழிவான்னு காத்திருந்திருக்காங்கபோல."

"நாளைக்கு மேனேஜரப் பாத்து லெட்டரத் திரும்பக் கேப்போம்," என்றாள். திட்டத் தோன்றவில்லை.

மறுநாள் ரெண்டு பேருமே போய் நின்றார்கள். மேனேஜர் தங்கமாகத்தான் பேசினார். "உங்கள மாதிரி ஆளு கிடைக்கிறது கஷ்டம். ஏஜென்சில பேரக் குடுங்க, இதே வண்டிக்குக் கேட்டு வாங்கிக்கிறேன். பழைய சர்வீஸ் மட்டும் சேராது." அவர் வேறு வழியில்லாமல் தலையாட்டினார்.

அந்த வாரக் கடைசியில் புதுச் சட்டை வந்தது. முதுகில் ஏஜென்சி பேர். முதல் நாள் வேலை முடிந்து வந்தவர், சட்டையைக் கழற்றாமலேயே சாப்பிட உட்கார்ந்தார்.

"கம்பெனிப் பசங்க ஏதாவது சொன்னாங்களா?"

"என்ன சொல்லுவாங்க? நல்லா இருக்கியான்னாங்க." சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார். "உங்கம்மாவ ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும்னியே, அந்த நாளு. நீயே கூட்டிட்டுப் போயிடு. எனக்கு இனிமே லீவு போட்டா சம்பளம் கிடையாது."

"சரிங்க," என்று சொல்லிவிட்டு அவள் தண்ணீர் எடுக்கப் போனாள்.