முந்தி வந்த பத்து வெள்ளி

லாரன்ஸுக்கு அன்று வந்த கோபத்தில், பினாங்கு ஸ்ட்ரீட் கிட்டங்கியின் கூரை பிய்த்துக்கொண்டு போயிருக்க வேண்டும். போகவில்லை. ஏனென்றால் கோபத்தை அவர் வாயைத் திறந்து காட்டவில்லை. நானூறு வெள்ளி கடன் கேட்டு வந்த மனுஷன் கோபத்தைக் காட்டினால் கதைக்கு ஆகுமா?

எதிரே சாய்வுப் பெட்டிக்குப் பின்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தவர் குமரப்பன். ஒரு செட்டியார் கடையின் ஏஜெண்டு. இருபத்தாறு வயதுதான். லாரன்ஸுக்கு நாற்பது. அந்த நீளமான கிட்டங்கிக் கூடத்தில் அதேபோல் பத்துப் பன்னிரண்டு பெட்டிகள், பெட்டிக்கு ஒரு கடை, கடைக்கு ஒரு ஏஜெண்டு. எல்லோருக்கும் காது நன்றாகக் கேட்கும் என்பது லாரன்ஸுக்குக் கூடுதல் சங்கடம்.

"உங்களை எனக்குத் தெரியாதேண்ணே" என்றார் குமரப்பன், தன்மையாகத்தான்.

"என்ன செட்டியாரே இப்படிச் சொல்றீங்க? மூணு தடவை உங்ககிட்ட பத்துப் பத்து வெள்ளி வாங்கியிருக்கேன். ஒரு மாசத் தவணை. மூணு தடவையும் பத்து நாளுக்குள்ள திருப்பிட்டேனே."

"அதைத்தான் சொல்றேன். தவணை நாள்ல நீங்க ஒரு தடவைகூட வரலையே."

லாரன்ஸ் விழித்தார். ஊரில் ஒரு மிராசுதார் வீட்டுக் காரை ஓட்டிக்கொண்டிருந்தவர் அவர். கப்பலேறி வந்து பத்து மாதம்தான் ஆகிறது. வந்த இடத்தில் என்றாவது ஒருநாள் சொந்தக் கார் வாங்குவோம், அதற்குக் கடன் வேண்டும், அதற்கு முன்னால் பேர் வாங்க வேண்டும் என்று கணக்குப் போட்டுத்தான் தேவையே இல்லாமல் அந்தப் பத்து வெள்ளிகளை வாங்கினார். வாங்கியதைத் தொடாமல் டிரங்குப் பெட்டியில் துணிக்கு அடியில் வைத்து, பொறுக்கமாட்டாமல் ஓடி வந்து கொடுத்தார். நாணயஸ்தன் என்று பெயர் வரும் என்று நினைத்தார், பாவம்.

"பெட்டியில வச்சிருந்து கொடுக்க யாராலும் முடியும்ணே. செலவழிச்சிட்டு, ஒரு மாசம் உழைச்சு, சொன்ன நாள்ல கொண்டுவரீங்களான்னுதான் எனக்குத் தெரியணும். அது இன்னும் தெரியலை. நகை இருந்தா வைங்க. இல்லை, சொத்துள்ள ஆள் ஒருத்தரை ரெண்டாங் கையெழுத்துக்குக் கூட்டிவாங்க. புரோநோட்டு எழுதிடலாம்."

நகை என்று பார்த்தால் மனைவி அன்னமேரியின் கழுத்தில் ஒரு சங்கிலி. அது எண்பது வெள்ளி தேறும். சொத்துள்ள ஆளுக்கு அவர் எங்கே போவார்?

அவசரம் என்னவென்றால், லாரன்ஸ் ஓட்டிக்கொண்டிருந்த ஏழு பேர் உட்காரும் வாடகைக் கார் விலைக்கு வந்துவிட்டது. அது அச்சீன் ஸ்ட்ரீட் ருக்கையாவுடையது. கணவர் விட்டுப்போன காரை லாரன்ஸிடம் கொடுத்து, தினம் இரண்டு வெள்ளி வாடகை வாங்கிக்கொண்டிருந்தார் அந்த அம்மாள். இப்போது ஹஜ்ஜுக்குப் புறப்படுகிறார். கப்பல் ஏறுமுன் காரை அறுநூறு வெள்ளிக்கு விற்றுவிட வேண்டும். தைப்பிங்கிலிருந்து ஒருவர் காரைப் பார்த்துவிட்டுப் போயிருந்தார். அவருக்குச் சொந்தமாக டிரைவர் உண்டு. கார் அங்கே போனால் லாரன்ஸ் மறுபடி கப்பல்துறை ஜெட்டியில் நின்று வேலை தேட வேண்டியதுதான். கையில் இருந்தது இருநூறு.

கிட்டங்கியிலிருந்து நேரே அவர் மோட்டார் கம்பெனிக்குப் போனார். அங்கே கிளார்க்காக இருந்த பெர்னார்ட் மாதா கோவிலில் பக்கத்து வரிசைக்காரர்.

"எங்க கம்பெனியே அந்தக் காரை வாங்கி உங்களுக்குத் தவணைக்கு விடும் அண்ணே" என்றார் பெர்னார்ட். "மூணுல ஒரு பங்கு முன்பணம், அது உங்ககிட்ட இருக்கு. மிச்சம் நானூறு, பன்னெண்டு மாசம். வருஷத்துக்கு நூத்துக்குப் பத்து."

"பத்துதானா? செட்டியார் மாசத்துக்கே ஒண்ணரை, ரெண்டுங்கிறாரு."

"அவசரப்படாதீங்க. இங்க முழு நானூறுக்கும் கடைசி மாசம் வரைக்கும் வட்டி ஓடும். நீங்க பாதியைக் கட்டினாலும் வட்டி குறையாது. செட்டியார்கிட்ட அசல் குறையக் குறைய வட்டியும் குறையும்லா. ஒண்ணரை வட்டின்னா கூட்டிக் கழிச்சா ரெண்டும் கிட்டத்தட்ட ஒண்ணுதான்."

"அப்ப என்ன வித்தியாசம்?"

"இங்க கடைசித் தவணை கட்டுற வரைக்கும் கார் கம்பெனியோடது. நீங்க வாடகைக்காரர்தான். நடுவுல ரெண்டு மாசம் தவறினா காரை எடுத்துக்குவாங்க, கட்டின காசும் வராது. இன்ஷூரன்ஸும் உங்க தலையில. அங்க கார் முதல் நாள்லேருந்து உங்க பேர்ல. ஆனா செட்டியார் நோட்டு, எப்பக் கேட்டாலும் கொடுக்கணும்." பெர்னார்ட் குரலைத் தணித்துக்கொண்டார். "இதுக்கும் ஜாமீன் வேணும்ணே. கவர்மெண்டு வேலைக்காரரோ வீட்டுக்காரரோ. நான் போடலாம்னா கம்பெனி ஆள் போடக்கூடாதுன்னு ரூல்."

ஆக, இரண்டு கடையிலும் கேட்டது ஒன்றுதான்: உனக்காகப் பேச இந்த ஊரில் யார் இருக்கிறார்கள்?

வீட்டில் அன்னமேரி மீன் கழுவிக்கொண்டே நடந்ததையெல்லாம் கேட்டுக்கொண்டாள். சந்துப் பெண்கள் சேர்ந்து போடும் குத்துச் சீட்டில் அவளும் மாதம் பத்து வெள்ளி கட்டுகிறாள். "சீட்டை முன்னால எடுக்க முடியுமான்னு கேட்டுப் பார்த்தேன். புதுசா வந்தவங்களுக்குக் கடைசிச் சீட்டுதானாம். முன்னால எடுத்துட்டு ஊருக்குக் கப்பலேறிட்டா யார் தேடுறதுன்னு சீட்டுப் பிடிக்கிற நோர்மா மூஞ்சிக்கு நேராவே சொல்லிட்டா."

"நம்மளைப் பார்த்தா ஓடிப்போறவங்க மாதிரியா இருக்கு?"

"உங்களைப் பார்த்தா இல்லை. கடனை முந்திக் கொடுக்க ஓடுனீங்களே, அந்த ஓட்டத்தைப் பார்த்தா சந்தேகம்தான்" என்றாள் அன்னமேரி. லாரன்ஸுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த நிலைமையிலும் அவரைச் சிரிக்க வைக்க அவளால்தான் முடியும்.

சாயங்காலம் வழக்கம்போல இரண்டு வெள்ளியை எடுத்துக்கொண்டு ருக்கையா வீட்டுக்குப் போனார். நடந்ததை ஒளிக்காமல் சொன்னார். "அக்கா, நீங்க ஒரு கையெழுத்துப் போட்டா முடிஞ்சிடும்" என்று கேட்டே விட்டார்.

ருக்கையா தலையை ஆட்டினார். "ஹஜ்ஜுக்குப் போறவ கடனைத் தீர்த்துட்டுத்தான் போகணும் லாரன்ஸு. உனக்காகக் கையெழுத்துப் போட்டா அதுவும் என் கடன்தான். அதைத் தலையில வச்சுக்கிட்டு நான் எப்படிப் போறது?"

லாரன்ஸ் சரி என்று எழுந்தார்.

"இரு. எந்தக் கடை ஏஜெண்டு அது?"

சொன்னார்.

"அந்தக் கடைதானா?" ருக்கையாவின் புருவம் ஏறியது. "நாளைக்குக் காலையில காரை எடுத்துட்டு வா. அங்க எனக்கும் வேலை இருக்கு."

மறுநாள் ருக்கையா கிட்டங்கிக்குள் நுழைந்ததும் குமரப்பன் எழுந்தே நின்றுவிட்டார். அவருடைய கணவர் காலத்திலிருந்து அந்தக் கடையில் பணம் போட்டு வைக்கிற குடும்பம். ஏஜெண்டுகள் மூன்று வருஷத்துக்கு ஒருவராக மாறுவார்கள், ருக்கையா மாறியதில்லை.

"தம்பி, கார் விலை அறுநூறு. பயணத்துக்கு எனக்கு இருநூறு போதும். மிச்சம் நானூறை உங்க கடையில போட்டுட்டுப் போகலாம்னு நெனச்சிருந்தேன். வட்டி வேண்டாம், எங்களுக்கு ஆகாது. திரும்பி வந்து வாங்கிக்கிறேன்."

"தாராளமாப் போடுங்கக்கா." குமரப்பன் முகம் மலர்ந்தது. வட்டியில்லாத நானூறு என்றால் எந்த ஏஜெண்டுக்குத்தான் கசக்கும்? ஊரிலிருக்கும் முதலாளிக்கு எழுதிப் பெருமைப்பட்டுக்கொள்ளலாம்.

"நெனச்சிருந்தேன்னுதான் சொன்னேன். இப்ப யோசிக்கிறேன். உன்னை எனக்குத் தெரியாதே?"

குமரப்பன் திகைத்தார். "கடையைத் தெரியுமேக்கா."

"கடை பழசுதான். பெட்டிக்குப் பின்னால இருக்கிறது நீதானே? நீ எப்ப வந்தே?"

"பதினோரு மாசம் ஆச்சு."

"இவன் பத்து மாசம். உனக்கும் இவனுக்கும் ஒரு கப்பல்தான் வித்தியாசம்." ருக்கையா குரலை உயர்த்தவே இல்லை, ஆனால் பக்கத்துப் பெட்டிகளில் பேனா நின்றுவிட்டது. "இவன் வந்த புதுசிலேருந்து தினம் மக்ரிபு தொழுகைக்கு முன்னால ரெண்டு வெள்ளியைக் கொண்டுவந்து வைக்கிறான். மழையில சவாரி இல்லாத நாளும் வச்சான். காய்ச்சல்ல படுத்தப்போ பொண்டாட்டி கையில கொடுத்தனுப்பினான். ஒருநாள் முந்தினதும் இல்லை, பிந்தினதும் இல்லை. நீ கேட்ட தவணை இதுதானே? இவனை நம்ப உனக்கு ரெண்டாங் கையெழுத்து வேணும்னா, உன்னை நம்ப எனக்கு யார் கையெழுத்துப் போடுவா?"

குமரப்பனின் காது மடல் சிவந்திருந்தது. ஆனாலும் செட்டியார் பிள்ளை, சிவந்த காதோடேயே கணக்குப் போட்டுவிட்டார். லாரன்ஸுக்குக் கொடுக்கும் நானூறு ருக்கையா கைக்குப் போகும். ருக்கையா அதை இங்கேயே போடுவார். பணம் பெட்டியை விட்டு வெளியே போகவே போவதில்லை, பேரேட்டில் இரண்டு வரி எழுதினால் முடிந்தது. லாரன்ஸ் தவறினால் நஷ்டம் கடைக்குத்தான், அது மாறவில்லை. ஆனால் ஆளைப் பற்றித் தெரியாததுதானே தயக்கம்? அதுதான் இப்போது கூடம் முழுக்கத் தெரிந்துவிட்டதே.

"தினம் கொடுத்தீங்கன்னு நேத்தே ஏண்ணே சொல்லலை?"

"அது வாடகைதானே, கடன் இல்லையேன்னு நெனச்சேன்" என்றார் லாரன்ஸ்.

"சரி, எழுதலாம். மாசம் நாற்பது அசல், பத்து மாசம். ஜாமீன் இல்லாத நோட்டு, அதனால ரெண்டு வட்டி."

லாரன்ஸுக்கு அப்போதுதான் நாக்கு விழித்துக்கொண்டது. "அக்கா காசுக்கு நீங்க வட்டி கொடுக்கப் போறதில்லையே செட்டியாரே. அப்புறம் எனக்கு மட்டும் எதுக்கு ரெண்டு?"

ருக்கையா, காதில் எதுவும் விழாதவர்போலத் தெருவில் போன ரிக்‌ஷாவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

குமரப்பன் சிரித்துவிட்டார். ஒன்றரைக்கே நோட்டு எழுதப்பட்டது. அன்று மதியமே கார் லாரன்ஸ் பெயருக்கு மாறியது. அடுத்த வாரம் ருக்கையாவைத் தன் சொந்தக் காரில் ஜெட்டி வரை கொண்டுபோய் இறக்கினார். ரேடியேட்டரில் அன்னமேரி கட்டிய மல்லிகைச் சரம் வழியெல்லாம் ஆடிக்கொண்டே வந்தது. வாடகை வாங்க மறுத்ததற்கு அந்த அம்மாளிடம் லாரன்ஸ் வாங்கிக்கட்டிக்கொண்ட திட்டு தனி.

முதல் தவணைக்கு ஒரு வாரம் முன்பே நாற்பத்தாறு வெள்ளி சேர்ந்துவிட்டது. லாரன்ஸுக்குக் கால் நிற்கவில்லை. அன்னமேரி பணத்தை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு, நாள் வந்ததும்தான் அவிழ்த்தாள்.

குமரப்பன் எண்ணி வாங்கி, வரவு வைத்தார். பிறகு கொஞ்சம் தயங்கினார்.

"அண்ணே, புக்கிட் மெர்தாஜாம் வரைக்கும் ஒரு வசூலுக்குப் போகணும். ஃபெரியில காரோட போய் வரலாமா? கடைப் பணத்தை என் செலவுக்குத் தொட முடியாது. எனக்குச் சம்பளப் படி வர இன்னும் பத்து நாள் ஆகும். வாடகையை அப்பத் தந்தா..."

கூடத்தில் மறுபடியும் பேனாக்கள் நின்றன.

லாரன்ஸ் அவரை வாசலுக்குக் கூட்டிவந்து கார்க் கதவைத் திறந்துவிட்டார். "ஏறுங்க செட்டியாரே. பத்து நாள்னா பத்தாம் நாள். முந்திக் கொடுத்தீங்கன்னா அப்புறம் நான் உங்களை நம்ப மாட்டேன்."