நாலு வரியில் மண் வீடு

பேனரைப் பார்த்ததும் இளமதிக்கு வயிறு எரிந்தது. விருத்தாசலம் ஜங்ஷன் ரோட்டில், அவள் வேலை பார்க்கும் ஆபீஸ் மாடிக்குக் குறுக்கே எட்டடி நீளத்தில் அவள் உருவாக்கிய வீட்டின் படம் தொங்கியது. கீழே கொட்டை எழுத்தில்: கற்பனையும் வடிவமைப்பும், இன்ஜினியர் கொளஞ்சிநாதன்.

கற்பனையாம்! அந்த ஒரு படத்துக்காகப் பதினெட்டு நாள் கம்ப்யூட்டரோடு மல்லுக்கட்டியவள் அவள். வெறும் 'மண் வீடு' என்று எழுதினால், படம் போடும் அந்த ஏஐ குடிசையைப் போட்டது. இல்லாவிட்டால் பிஸ்கட் மாதிரி வழவழவென்று ஒரு சுவரை நிறுத்தியது. ஒன்றரை அடி கனச் சுவர், மண்ணை அடுக்கடுக்காகக் கொட்டி இடித்த கோடுகளும் பலகை அச்சும் தெரியணும், பூச்சும் பெயின்டும் கூடாது. மழை சுவரில் அடிக்காதபடி நாலடி வெளியே நீளும் கூரை இறவாரம். மூங்கில் தூண் தரையைத் தொடாமல் கருங்கல் மேல் நிற்கணும், தொட்டால் செல்லரிக்கும். இப்படிச் சொல் சொல்லாகச் சேர்த்தும் நீக்கியும் கடைசியில் நாலே வரியாகச் சுருக்கினாள். பீங்கான் யூனிட் வைத்திருக்கும் நீலாவதி அம்மா படத்தைப் பார்த்ததும், "எனக்கு இந்த வூடுதாங்க வேணும்" என்று எழுந்தே நின்றுவிட்டார். பெண்ணாடம் பக்கம் இடமும் தயார்.

"சார், என் பேரையும் போட்டிருக்கலாமே?"

கொளஞ்சிநாதன் செல்போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "நாலு வரி இங்கிலீஷு அடிச்சதுக்குப் பேரா? அத எவன் வேணா அடிப்பான். இந்த வூட்ட இனிமே நானே பாத்துக்குறேன். அந்த நாலு வரிய அனுப்பிட்டு, நீ சேத்தியாத்தோப்பு கல்யாண மண்டப வேலையப் பாரு."

பாவி! அவளுக்குக் கண்ணில் நீர் முட்டியது. துடைத்துக்கொண்டு, கேட்டதைக் கேட்டபடியே அனுப்பினாள். நாலு வரி. ஒரு எழுத்து கூடவில்லை, குறையவில்லை. ஒரே வரியை நூறு தடவை கொடுத்தாலும் ஏஐ நூறு வேறு வீடு போடும் என்று அவள் சொல்லவில்லை. அதே வீடு வேண்டுமென்றால் முதல் படத்தையும் கூடவே உள்ளே கொடுக்கணும். அதையும் சொல்லவில்லை. மனுஷன் கேட்டால்தானே!

வியாழக்கிழமை நீலாவதி அம்மா வந்தார். "முன்பக்கம் பாத்துட்டேன். பின்பக்கம் எப்பிடி இருக்குது, மழையில எப்பிடி இருக்குதுன்னு காட்டுங்க. மகன் காங்கிரீட்டே போடுன்னு ஒத்தக்கால்ல நிக்கிறான். இன்னிக்கு முடிவு சொல்லணும்."

"இதோ, ஒரே நிமிஷம்மா." கொளஞ்சிநாதன் நாலு வரியை ஒட்டி, பின்பக்கம் என்று ஒரு சொல் சேர்த்துத் தட்டினார். பெரிய திரையில் வீடு வந்தது. ஆனால் மாடி முளைத்திருந்தது. மறுபடி தட்டினார். மாடி போய், மூங்கில் தூண் சுவருக்குள் புதைந்திருந்தது. மழை என்று சேர்த்தார். இறவாரம் ஒரு சாணாகச் சுருங்கியும் சுவர் துளியும் நனையாமல் பளபளத்தது.

நீலாவதி அம்மா மண்ணிலேயே பிழைப்பவர். "என்னாங்க இது? இந்த மழைக்கு மண்ணு கரையாதா? இதுல எதத்தாங்க கட்டப் போறீங்க?"

மூலையில் மண்டப வரைபடத்தோடு உட்கார்ந்திருந்த இளமதிக்கு உள்ளே தேன் ஊறியது. கொளஞ்சிநாதன் கழுத்தில் வியர்வை ஓடுவதை ஆசை தீரப் பார்த்தாள். தேவையான படம் அவர் ஜன்னலுக்கு வெளியிலேயே எட்டடிக்குத் தொங்குகிறது!

ஏழாவது தடவையும் வேறு வீடே வந்ததும் நீலாவதி அம்மா பையை எடுத்துக்கொண்டார். "உங்களுக்கே என் வூடு எதுன்னு தெரியலீங்க. நான் என் மகன் சொன்னபடியே பண்ணிக்கிறேன். போயிட்டு வரேன்."

படியில் செருப்புச் சத்தம் இறங்கியது. இப்போது கூப்பிட்டால்கூடப் போதும். இளமதி வாயைத் திறந்தாள். வெளியே பேனரில் இருந்த பேர் ஞாபகம் வந்தது, மூடிக்கொண்டாள். "காங்கிரீட்டே போட்டுருடா" என்று அந்தம்மா மகனுக்குப் போனில் சொல்வது கீழேயிருந்து கேட்டது. கார் கிளம்பிப் போனது.

அதற்கப்புறம்தான் எழுந்து போய், தன் போனைக் கொளஞ்சிநாதன் மேசைமேல் வைத்தாள். பின்பக்கம், பக்கவாட்டு, முற்றம், ராத்திரி விளக்கு, வெயில், மழை. ஆறு படம், ஆறிலும் அதே வீடு. ஒவ்வொன்றாக, நிதானமாகத் தள்ளிக் காட்டினாள்.

அவர் முகம் வெளுத்தது. "வச்சிருந்தியா? ஏன் சொல்லல?"

"நாலு வரிதான சார் கேட்டீங்க."

அவர் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். இந்த ஒரு காட்சிக்காகத்தான் அவள் நாலு நாளாகச் சரியாகச் சாப்பிடாமல் காத்திருந்தாள். திருப்தியாகத்தான் இருந்தது. போனை எடுக்கக் குனிந்தபோது மழைப் படம் கண்ணில் பட்டது. இறவாரத்து நீர் சுவரைத் தொடாமல் தள்ளி விழுந்துகொண்டிருந்தது. இனி இதை யாரும் கட்டப் போவதில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.