மிச்சம் பிடித்த பெட்ரோல்

உலகத்தில் பெட்ரோலின் காலம் முடிந்துவிட்டது என்று யோகராஜ் அறிவித்தான். குருவிட்ட டவுனில் முக்தார் நானாவின் ஹார்ட்வெயார் கடையில், இரண்டு அங்குல ஆணி அரைக் கிலோ நிறுத்துக்கொண்டே அறிவித்தான். ஆணி வாங்க வந்தவர் அந்தச் செய்தியைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கூரைத்தகடு என்ன விலை என்று கேட்டார்.

"தம்பி, பெட்ரோல் முடிஞ்சா முடியட்டும். ஆணிய ஒழுங்கா நிறுங்க" என்றார் முக்தார் நானா.

"நானா, நீங்க ஓட்டுற ஸ்கூட்டர் கிலோமீட்டருக்கு ஏழரை ரூபா குடிக்குது. கரண்ட் பைக் ஒன்றரை ரூபாதான் கேக்கும். ஆறு ரூபா மிச்சம். இது நான் சொல்லல, கணக்கு சொல்லுது."

கணக்கு அதை அவனிடம் சொன்னது இரத்தினபுரியில், பைக் விற்கிற கடையில். கண்ணாடிக் கதவுக்குள் ஏசி போட்டு, சிவப்புப் பைக் ஒன்றுக்கு மாலை போட்டு வைத்திருந்தார்கள். டை கட்டிய பையன் கல்குலேட்டரைத் திருப்பிக் காட்டினான். முன்பணம் ஒரு லட்சம். மிச்சத்துக்கு லீசிங், முப்பத்தாறு மாதம், மாதத் தவணை ஒன்பதாயிரத்து ஐந்நூற்றைம்பது. அதைப் பார்த்ததும் யோகராஜின் முகம் கொஞ்சம் வாடியது. பையன் அதைக் கவனித்துவிட்டு, "பெட்ரோல் மிச்சத்த யோசிங்க அண்ணே" என்றான். யோகராஜ் யோசித்தான். அன்றைக்கு யோசிக்கத் தொடங்கியவன் அதற்குப் பிறகு பத்து மாதம் நிறுத்தவேயில்லை.

முன்பணம் மனைவி ஷாமிளாவுடையது. கல்யாணத்துக்கு முன் கார்மெண்டில் தைத்துச் சேர்த்தது. அதை அவள் வேறொன்றுக்கு வைத்திருந்தாள். தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில், அதாவது வேலைக்குப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுப் போகிற இடத்தில், அவள் உதவியாளாக இருந்தாள். பொறுப்பாக இருந்த டீச்சர் அடுத்த வருஷம் ஓய்வு பெறப் போகிறார். முன்பள்ளி டிப்ளோமா இருந்தால் அந்த இடம் ஷாமிளாவுக்குத்தான் என்று வெல்ஃபெயார் ஆபிஸரே வாய்விட்டுச் சொல்லியிருந்தார். வகுப்பு இரத்தினபுரியில், சனிக்கிழமைகளில், ஆறு மாதம். கட்டணம் எண்பதாயிரம்.

"ஒரு வருஷம் பொறு ஷாமிளா" என்றான் யோகராஜ். "பைக் மிச்சம் பிடிக்கிற காசுலயே உன் வகுப்பக் கட்டுறேன். சனிக்கிழமை நானே ஏத்திட்டுப் போயி எறக்குறேன். பஸ்ஸுல தொங்கிக்கிட்டுப் போக வேணாம்."

ஷாமிளா அவன் முகத்தைப் பார்த்தாள். அதில் இருந்த வெளிச்சத்தை அணைக்க அவளுக்கு மனம் வரவில்லை. காசை எடுத்துக் கொடுத்தாள்.

பைக் வந்தது. முதல் நாள் காலையிலேயே யோகராஜ் பஸ் நிற்கிற வளைவில் வேகத்தைக் குறைத்தான். தோட்டத்து ஆட்கள் குடையும் சாப்பாட்டுப் பையுமாக ஏழு பேர் நின்றிருந்தார்கள். நடுவில் அடுத்த லயத்து வரிசை வீட்டுப் பழனியாண்டி அண்ணன்.

"என்னண்ணே, மாட்டுப் பட்டியில நிக்கிற மாதிரி நிக்கிறீங்க? டவுன்ல ஏதாச்சும் சொல்லணுமா? பஸ் வாறதுக்குள்ள நான் போயி சொல்லிட்டுத் திரும்பியே வந்துருவேன்."

"போயி வா ராசா" என்றார் பழனியாண்டி. "சத்தமே இல்லாம போவுது. ஆள்தான் சத்தம் போடுறான்."

எல்லோரும் சிரித்தார்கள். யோகராஜும் சிரித்தான். ஆனால் மறுநாளும் அதே வளைவில் வேகத்தைக் குறைத்து ஒரு வார்த்தை விட்டுப் போனான். அதற்கு மறுநாளும். பஸ்ஸுக்கு நிற்பது ஒரு வியாதி, தனக்கு அது குணமாகிவிட்டது என்பது போல.

முதல் தவணை கட்டியபோதுதான் அவனுடைய பெரிய கண்டுபிடிப்பு நிகழ்ந்தது. கிலோமீட்டருக்கு ஆறு ரூபா மிச்சம். அப்படியென்றால் எவ்வளவு ஓடுகிறோமோ அவ்வளவு மிச்சம். மாதம் ஆயிரத்து அறுநூறு கிலோமீட்டர் ஓடினால், மிச்சமே தவணையைக் கட்டிவிடும். வேலைக்குப் போய்வருவது மட்டுமென்றால் ஐந்நூறு கூட வராது. ஆக, குறைபாடு பைக்கில் இல்லை. யோகராஜ் போதுமான அளவு ஓடாததில்தான் இருந்தது.

அதைத் திருத்திக்கொண்டான். கறிவேப்பிலை வாங்க இரத்தினபுரிக்குப் போனான். ஞாயிற்றுக்கிழமைகளில் காரணமில்லாமல் எஹெலியகொட வரை போய், அங்கே ஒரு பிளேன்டீ குடித்து, காரணமில்லாமல் திரும்பி வந்தான். யார் வீட்டில் எழவு என்றாலும், தெரிந்தவரோ தெரியாதவரோ, முதல் ஆளாக நின்றான். பகலில் கடையிலும் இரவில் வீட்டிலும் சார்ஜ் ஏற்றினான்.

"தம்பி, ஒங்கட பைக் மிச்சம் புடிக்கிது, சரி. என்ட கரண்ட் பில்லு ஏறிட்டீக்கி" என்றார் முக்தார் நானா.

"நாட்டுக்கு அந்நியச் செலாவணி மிச்சம் நானா."

"அப்ப பில்ல நாட்டுக்கே அனுப்புவோம்."

வீட்டு மீட்டரும் அறுபது யூனிட்டைத் தாண்டியது. தாண்டினால் தாண்டிய யூனிட்டுக்கு மட்டுமல்ல, முதல் யூனிட்டிலிருந்தே விலை கூடும் என்பதைச் சிவப்பு எழுத்தில் வந்த பில்தான் ஷாமிளாவுக்குச் சொல்லிக் கொடுத்தது. அவள் இஸ்திரிப் பெட்டியை எடுத்துக் கட்டிலுக்கடியில் வைத்தாள். காம்பராவுக்குப் போகிற சேலையை மடித்துத் தலையணைக்குக் கீழ் வைத்துப் படுத்தாள்.

ஒன்பதாம் மாதம் பைக் மூச்சு வாங்கத் தொடங்கியது. முன்பு ஒரு சார்ஜில் அறுபது கிலோமீட்டர் ஓடியது நாற்பதானது, முப்பதானது. பத்தாம் மாதம், ஒரு மழை நாள் மாலை, தேயிலைத் தொழிற்சாலைக்குக் கீழே உள்ள ஏற்றத்தில் ஒரேயடியாக நின்றது. யோகராஜ் இறங்கித் தள்ளினான். பின்னால் வந்த பஸ் அவனைத் தாண்டிப் போனது. ஜன்னலோரத்தில் பழனியாண்டி அண்ணன். அவர் தலையை வெளியே நீட்டவுமில்லை, ஒன்றும் சொல்லவுமில்லை. அந்தப் பெருந்தன்மையைத்தான் யோகராஜால் தாங்க முடியவில்லை.

லொறியில் ஏற்றி இரத்தினபுரிக்குக் கொண்டுபோனான். பின்பக்க ஷெட்டில் இருந்த சிங்கள மெக்கானிக் ஆறு பெட்டரியையும் தனித்தனியாகச் சோதித்தார். அவருக்கு யோகராஜ் மல்லி, அதாவது தம்பி; யோகராஜுக்கு அவர் அய்யே, அதாவது அண்ணன்.

"ஆறும் முடிஞ்சி மல்லி. ஈய அமில பெட்டரி. டெய்லி அடிமட்டம் வரைக்கும் இறக்கி ஏத்தினா முந்நூறு தடவைக்கு மேல தாங்காது. மலையில அதுவும் இல்ல."

"வாரண்டி இருக்கே. ஒரு வருஷம். இன்னும் ரெண்டு மாசம் கெடக்கு."

மெக்கானிக் சாவியைத் திருப்பி மீட்டரைக் காட்டினார். வாரண்டி ஒரு வருஷம் அல்லது பத்தாயிரம் கிலோமீட்டர், எது முந்துகிறதோ அதுவரை. மீட்டரில் பதினாலாயிரம் இருந்தது. வேலைக்கு மட்டும் போய்வந்திருந்தால் ஐயாயிரத்தைக்கூடத் தொட்டிருக்காது. புதுப் பெட்டரி ஒரு பைசாகூடச் செலவில்லாமல் வந்திருக்கும்.

"ஆறும் புதுசா எவ்வளவு அய்யே?"

"ஒரு லட்சத்துப் பதினஞ்சு. பழசு ஆறையும் தந்தா ஈய வெலைக்குப் பதினஞ்சு கழிப்போம்."

ஒரு லட்சம்.

அந்த ஒரு லட்சம் வீட்டில் இருந்தது. ஷாமிளா தன் சம்பளத்தில் கட்டிவந்த சீட்டு மூன்று நாளைக்கு முன் அவளுக்கு விழுந்திருந்தது. இந்த வருஷ வகுப்புக்குப் பதிய வெள்ளிக்கிழமை கடைசி நாள்.

அவன் வீட்டுக்கு வந்தபோது அவள் அரிசி கழுவிக்கொண்டிருந்தாள். அவன் கேட்கவில்லை. கேட்காமல் அடுப்பைச் சுற்றிச் சுற்றி வந்தான். அதைவிடச் சத்தமாக யாரும் கேட்க முடியாது.

"சீட்டுக் காசு பெட்டியில இருக்கு. எடுத்துக்கங்க" என்றாள்.

"இல்ல ஷாமிளா, நான் என்ன சொல்றேன்னா, பைக் ஓடாட்டி மிச்சம் நின்னு போகும். மாசம் ஏழாயிரம், எட்டாயிரம் நாங்க மிச்சம் பிடிச்சது..."

"ஒண்ணு கேக்கவா?" அவள் கையை உதறிக்கொண்டு எழுந்தாள். "பத்து மாசமா மிச்சம் பிடிச்சீங்களே பெட்ரோல், அது எந்த பைக்கோட பெட்ரோல்?"

"என்ன எந்த பைக்?"

"உங்ககிட்ட அதுக்கு முன்ன பைக் ஏது? பஸ்ஸுலதானே போனீங்க. போய்வர நூத்தி இருபது ரூபா. மாசம் மூவாயிரம்தான் நம்ம செலவு."

யோகராஜ் வாயைத் திறந்தான். கிலோமீட்டருக்கு ஆறு ரூபா என்பது உள்ளேயிருந்து கிளம்பி நாக்கு வரை வந்து, வெளியே ஷாமிளா நிற்பதைப் பார்த்துத் திரும்பிப் போய்விட்டது. இல்லாத ஒரு பைக் குடிக்காத பெட்ரோலை அவன் எஹெலியகொட வரை போய்ப் போய் மிச்சம் பிடித்திருந்தான்.

"தவணைய விடுங்க. பைக் ஓடினாலும் அது போகும், நின்னாலும் போகும். இன்னும் இருபத்தாறு மாசம். பஸ்ஸுன்னா அத்தன மாசத்துக்கும் எம்பதாயிரம் வராது. பெட்டரின்னா இன்னிக்கே ஒரு லட்சம். அதுவும் இருபத்தாறு மாசம் தாங்கும்னு எழுதித் தருவாங்களா?" அவள் குரல் உயரவில்லை. "இவ்வளவும் தெரிஞ்சுதான் சொல்றேன். வேணும்னா எடுத்துக்கங்க. போன வருஷமும் குடுத்தேன்."

கடைசி வார்த்தைதான் அவனைக் குத்தியது. போன வருஷம் கொடுத்ததில் என்ன போனது என்று இரண்டு பேருக்கும் தெரியும். டீச்சர் ஓய்வு பெற்றுப் போனார். தோட்டத்து மேல் பிரிவிலிருந்து சுமித்ரா என்ற பெண் டிப்ளோமாவோடு வந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். நல்ல பெண். ஷாமிளாவைவிட ஐந்து வயது இளையவள். அவளுக்குத் தொட்டிற்சீலை துவைத்துக் கொடுப்பது இப்போது ஷாமிளாவின் வேலை.

பைக்கை விற்றுப் பார்ப்போம் என்று மறுநாள் ஓடினான். பெட்டரி செத்த பைக்குக்கு எழுபதாயிரம் கேட்டார்கள். லீசிங் கம்பனியில் முழுதாக முடித்துக்கொள்ள இரண்டு லட்சம் சொன்னார்கள். பைக்கின் பதிவுப் புத்தகம் அவர்களிடம் இருந்தது. நடுவில் இருந்த ஒரு லட்சத்து முப்பதாயிரத்தை இட்டு நிரப்ப யோகராஜிடம் வாய் மட்டும்தான் இருந்தது. அதையும் யாரும் ஈடாக எடுக்கவில்லை.

வெள்ளிக்கிழமை அவனே போய் வகுப்புக் கட்டணத்தைக் கட்டினான். ரசீதை வாங்கி வந்து ஷாமிளாவிடம் கொடுத்தான். "அடுத்த காம்பராவுல யாராச்சும் ரிட்டையர் ஆகுறாங்களான்னு விசாரிக்கிறேன்" என்றான். அவள் சிரித்திருக்கலாம். சிரிக்கவில்லை. ரசீதை மட்டும் தலையணைக்குக் கீழ் இருந்த சேலைக்கடியில் வைத்தாள். பைக் லயத்துக் கோடியில் நீலத் தறப்பாளுக்குக் கீழ் நின்றது. அக்கம்பக்கத்துக் கோழிகள் அதற்கு ஒரு உபயோகம் கண்டுபிடித்திருந்தன.

சனிக்கிழமை காலை தூறல். யோகராஜின் சட்டைப் பையில் அந்த மாதத் தவணை. இரத்தினபுரியில் அதைக் கட்டிவிட்டு அப்படியே கடைக்குத் திரும்பலாம் என்று நானாவிடம் சொல்லியிருந்தான். ஷாமிளா வகுப்புப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு முன்னால் நடந்தாள். வளைவில் அதே குடைகள், அதே சாப்பாட்டுப் பைகள்.

பழனியாண்டி அண்ணன் அவனை ஏற இறங்கப் பார்த்தார். பத்து மாதமாக ஒவ்வொரு காலையும் வாங்கிய வார்த்தைகளுக்கு அவரிடம் ஒரு பதிலாவது தயாராக இருந்திருக்கும். அவர் குடையைக் கொஞ்சம் சாய்த்தார்.

"உள்ள வா தம்பி. நனையிற."

யோகராஜ் உள்ளே வந்தான். பஸ் வந்தது. ஷாமிளாவுக்கு பஸ்ஸின் முன்பக்கம் உட்கார ஒரு இடம் கிடைத்தது. அவன் படியில் தொற்றி, கம்பியைப் பிடித்து, யாருடைய சாப்பாட்டுப் பையிலோ முழங்கை இடிக்க நின்றான்.

"இஸ்ஸரஹட்ட யன்ன, இஸ்ஸரஹட்ட!" என்று கண்டக்டர் சிங்களத்தில் கத்தி முதுகில் தட்டினான்.

யோகராஜ் முன்னால் நகர்ந்தான்.