நூற்றைம்பது சொல்லுக்குள் ஓர் ஏணி

சொந்தக்காரர்களுக்குக் காப்புரிமை விண்ணப்பம் எழுதித் தரப்படமாட்டாது என்று என் அலுவலகக் கதவில் ஒட்டிவைக்கப் போகிறேன். வெளியாள் என்றால் நான் சொல்வதைக் கேட்பார். அக்கா புருஷன் கேட்பாரா?

மாமா வீடுகளுக்குப் பெயின்ட் அடிப்பவர். அவர் கண்டுபிடித்தது ஓர் ஏணி. காப்புரிமை அலுவலகம் அதன் விண்ணப்பச் சுருக்கத்தைத் திருப்பி அனுப்பியிருந்தது. நூற்றைம்பது சொல்லுக்குள் இருக்க வேண்டும். புதியது எது, அது எதற்கு என்பது தெரிய வேண்டும். இன்று மாலை ஐந்துக்குள் திருத்தம் போகாவிட்டால் விண்ணப்பமே கைவிடப்பட்டதாகிவிடும். மூன்று வருஷ உழைப்பு அதோடு சரி. மணி நாலேகால். கையில் இருந்தது இருநூற்றுப் பதினாறு சொல்.

"'உலகிலேயே சிறந்த', இதை எடுக்கறேன் மாமா."

"ஐயோ, ஏம்மா? உண்மைதானே?"

"சுருக்கத்துல புகழ்ச்சி கூடாது."

"'விலை மலிவு'?"

"அதுவும்தான்."

"நல்லா இருக்கே! கடைசியில ஏணியாவது மிஞ்சுமா?"

எனக்குத் தலை வெடித்தது. அலுமினியத்தின் தடிமனுக்கு ஒரு சண்டை, கால் ரப்பரின் நிறத்துக்கு ஒரு சண்டை. மேடுபள்ளத்தில் மேட்டிலிருக்கும் கால் உள்ளே அமுங்கினால், இரண்டு காலையும் இணைக்கும் எண்ணெய்க் குழாய் மறு காலை வெளியே தள்ளித் தரையைத் தொடவைக்கும். அந்தக் குழாயைப் பற்றி மட்டும் நாற்பது சொல். "அதுல கை வைக்காதே, ஏணிக்கு உயிரே அதுதான்" என்றார். பொறுமை போய், கடைசிப் பத்தியை அப்படியே அழித்தேன். இப்போது நூற்று நாற்பத்தெட்டு.

"முடிஞ்சுது, கேளுங்க" என்று கடகடவென வாசித்தேன்.

மாமா திரையை எட்டிப் பார்த்தார்.

"இது கடையில விக்கிற ஏணிம்மா" என்றார். "என் தம்பி விழுந்தானே, அதே ஏணி."

எனக்குச் சுரீர் என்றது. கடை ஏணியிலும் அந்தக் குழாய் உண்டு. ஆனால் கால்கள் நகராமல் பூட்ட, அதன் வால்வைக் கையால் திருகி மூட வேண்டும். மாமாவின் தம்பி அதை மறந்துவிட்டு ஏறினார்; இன்னும் எழுந்து நடக்கவில்லை. மாமாவின் ஏணியில் முதல் படியில் மிதித்தாலே வால்வு மூடிக்கொள்ளும். புதியது அது ஒன்றுதான். அதைத்தான் அழித்திருந்தேன். இத்தனை வருஷம் இதே வேலை பார்க்கிறேன், எனக்கு அறிவு வேண்டாமா?

பத்தியைத் திரும்பக் கொண்டுவந்தேன். மறுபடி எண்ணிக்கை எகிறியது. இந்த முறை மாமாவே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"தடிமன் வேணாம், தூக்கு. நிறமும் போகட்டும்."

"குழாய்?"

"பழசுதானே. ரெண்டு வார்த்தை போதும்."

ஐந்துக்குப் பத்து நிமிஷம் இருக்கையில் நூற்று நாற்பத்தொன்பதில் நின்றது.

"ஒரு சொல் மிச்சம் இருக்கே. தம்பி பேரைப் போடலாமா?"

"பேரெல்லாம் போட முடியாது மாமா."

"அப்போ அந்தக் கடைசி வரியை இன்னொரு தரம் படி."

"'ஏறுபவர் பூட்ட மறந்தாலும் ஏணியின் கால்கள் நகராது.'"

மாமா முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அனுப்பும்மா" என்றார்.