ஜாஸ்லின் எழுதிய எட்டு அளவு மௌனம்

யாங்கோனில், வாத்தியமில்லாமல் ஐந்து குரல் பின்னிப் பாடும் பழைய இத்தாலியப் பாட்டான மேட்ரிகலுக்குக் குழு நடத்தும் சூசைராஜுக்குச் சந்தேகப்படுவதில் தனித் திறமை உண்டு. மேல்குரல் பாடும் ஜாஸ்லின் நாட்டை விட்டுப் போகப்போகிறாள் என்பது இந்த மாதத்துச் சந்தேகம். நகரத்து லத்தா பேட்டையில் பாஸ்போர்ட் படம் எடுக்கும் கடையிலிருந்து அவள் வெளியே வந்ததைத் தம் கண்ணாலேயே பார்த்தார். தாம் எதற்கு அங்கே நின்றோம் என்பதை மட்டும் அவர் யோசிக்கவில்லை. அவள் போனால் மிச்சம் நாலு பேரும் முனகத்தான் வேண்டும்.

சனிக்கிழமை மதியம், அவள் எழுதிய புது மேட்ரிகலில் அவள் குரலுக்கான தாள் நாற்காலியில் கிடந்தது. பழைய இத்தாலியர் வழக்கப்படி, அவரவர் குரலுக்கான தாள் மட்டுமே அவரவர் கையில் இருக்கும். மற்றதைக் காதால்தான் அறிய வேண்டும். சட்டம் போட்டவர் சூசைராஜ். எட்டிப் பார்த்தவரும் அவரே.

'படகேறி' என்ற சொல்லில் சுரங்கள் படிப்படியாக ஏறின. 'அலை' மேலும் கீழும் புரண்டது. 'பெருமூச்சு' பாதியில் அறுந்து, மூச்சுவிடும் இடைவெளியுடன் நின்றது. சொல்லை இசையால் வரைந்து காட்டும் அந்தக் காலத்து வித்தை, பிசகில்லாமல். பிறகு எட்டு அளவு மௌனம்; எட்டுத் தாளக்கட்டம் அவள் வாய் திறக்கக் கூடாது. கடைசியில் 'தனியே' என்று ஒரே ஒரு நீண்ட சுரம்.

படகேறி, மௌனமாகி, தனியே! இதைவிடச் சாட்சி வேண்டுமா?

"என்ன அங்கிள், திருடுறீங்களா?" தேநீருடன் ஜாஸ்லின் வாசலில் நின்றாள்.

"கீழ விழுந்துச்சும்மா, எடுத்து வெச்சேன்."

"நாற்காலி மேலயா விழுந்துச்சு?"

மற்ற மூவரும், ஹன்னா, பிரான்சிஸ், கிறிஸ்டோபர், வந்ததும் பாட ஆரம்பித்தார்கள். கீழ்க்குரல் சூசைராஜுடையது. 'வலி' என்ற இடத்தில் ஜாஸ்லின் தன் சுரத்தை விடாமல் பிடித்திருக்க, அவர் குரல் கீழே நகர்ந்தது. இரண்டும் உரசின, பல் கூசியது. அவள் ஒரு படி இறங்கியதும் ஆறியது. தனித்தனித் தாளில் அந்த வலி இருக்கவே இல்லை.

அடுத்து அவளுடைய மௌனம். 'ஓடி, ஓடி' என்று பொடிப்பொடியான சுரங்கள் அவர் தாளில்! அவர் ஓட, அதே மெட்டில் மற்றவர்கள் துரத்தி ஓடி, ஒவ்வொருவராக நின்றார்கள். கடைசியில் அவரும் அடிச்சுரத்தில் மறைந்தார்.

மிச்சம் ஜாஸ்லின் மட்டும். 'தனியே...'

சூசைராஜ் உட்கார்ந்துவிட்டார். "ஓடுறது யாரும்மா?"

"லத்தா கடையில உங்க பாஸ்போர்ட் படத்தைக் கடைக்காரன் ஆறு காப்பி வெட்டிட்டிருந்தான். நான் நம்ம குரூப் போட்டோவுக்கு ஃப்ரேம் வாங்கப் போனேன்."

"மக பினாங்குக்கு வரச் சொல்றா..."

"சொல்லிட்டுப் போகலாமே."

"கடைசிப் பக்கம் இன்னொரு தடவை," என்றார்.

'தனியே' வந்தது. அவர் தாளில் மௌனம்தான். ஆனாலும் அவளுக்குக் கீழே அதே சுரத்தைத் தாழ்ந்த குரலில் பிடித்தார்.

"அந்த இடத்துல உங்க தாள்ல ஒண்ணுமில்ல, அங்கிள்!"

"தெரியும்மா. மககிட்ட இந்த வருஷம் இல்லன்னு சொல்லிடுறேன்," என்றவர், அந்த மௌனத்தின் மேல் விரல் வைத்துத் தாளை நீட்டினார். "பென்சில் இருக்கா?"