இரண்டாவது மூச்சுச் சோதனை

நீதிமன்றம் மதியம் இரண்டு மணிக்கு மறுபடியும் கூடும். ஒன்றரைக்குச் சாப்பிட்டுவிட்டு வந்து உட்காரும் சுருக்கெழுத்தம்மாவின் வயிறு இரண்டேகாலுக்கு ஊதத் தொடங்கும். இரண்டரைக்குள் புடவைக் கட்டு இறுகி மூச்சு முட்டும். அதன் பிறகு ஏப்பம். சாட்சி ஒருவர் தன் தம்பி எப்படிச் செத்தான் என்று அழுதுகொண்டே சொல்லும்போது, அவர் சொல்லுவதை ஒரு எழுத்து விடாமல் எழுத வேண்டியவள் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தால் எப்படி இருக்கும்? பின்வரிசையில் யாராவது சிரிப்பார்கள். நீதிபதி கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்ப்பார். வாரத்துக்கு இரண்டு மூன்று முறை பேனாவை வைத்துவிட்டுக் கழிப்பறைக்கு ஓட வேண்டியிருந்தது.

இருபத்திரண்டு வருடம் அந்த நாற்காலி அவளுடையது. மற்றவர்கள் சொன்னதைச் சொன்னபடி எழுதுவாள். கூட்ட மாட்டாள், குறைக்க மாட்டாள். அவள் எழுதிய வரியை வைத்து ஆட்கள் சிறைக்குப் போயிருக்கிறார்கள், விடுதலையாகி வந்தும் இருக்கிறார்கள். அவளுடைய சொல்லை மட்டும் வீட்டில் ஒருவரும் எடுத்துக்கொள்ளவில்லை.

கணவர் மருந்துக்கடை வைத்திருந்தார். வீட்டில் மருந்துக்கடை இருந்தால் டாக்டர் எதற்கு? தெருவில் பாதிப் பேர் அவரிடம் தும்மிக் காட்டியே மாத்திரை வாங்கிப் போவார்கள். அவரும் நோட்டம் விட்டே நோயைச் சொல்லிவிடுவார், பெரும்பாலும் சரியாகவும் இருக்கும், அதுதான் தலைக்கேறிவிட்டது. ஆறு வருடத்துக்கு முன்னால் அவளுக்கு நெஞ்செரிச்சல் வந்தபோது அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை ஒன்றைத் தினமும் காலையில் கொடுக்கத் தொடங்கினார். எரிச்சல் எப்போதோ போய்விட்டது. மாத்திரை மட்டும் போகவில்லை.

வயிறு ஊத ஆரம்பித்ததும் வாயுவுக்கு ஒன்று, செரிமானத்துக்கு ஒன்று என்று காகித உறையில் போட்டுக் கொடுத்தார். உறையின் மேல் பெயர் இருக்காது. "காலை ஒண்ணு, ராத்திரி ஒண்ணு" என்று மட்டும் எழுதியிருக்கும். மனைவிக்கு எதற்குப் பெயர்?

அவளோ தொழில் பழக்கம் விடாதவள். சின்ன நோட்டு ஒன்றில் சுருக்கெழுத்தில் எல்லாவற்றையும் எழுதி வைத்தாள். என்ன சாப்பிட்டாள், எத்தனை நிமிடத்தில் ஊதியது, எத்தனை முறை வயிற்றாலை போனது, எந்த நிற மாத்திரை, யார் என்ன சொன்னார்கள். அவர் அந்தக் கோடுகளையும் கொக்கிகளையும் பார்த்துச் சிரித்துவிட்டுப் போவார். ஒரு வரிகூட அவருக்குப் படிக்கத் தெரியாது.

ஒன்பது கிலோ இளைத்தாள். முகம் ஒட்டி, வயிறு மட்டும் முன்னால் நின்றது. நாத்தனார் ஒருநாள் வந்தவள் மேலும் கீழும் பார்த்தாள். "என்ன அண்ணி, நாப்பத்தாறு வயசுல விசேஷமா?" என்று கேட்டுவிட்டு அவளே சிரித்தாள். அன்றைக்குத்தான் அவள் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயே தீருவேன் என்று பிடிவாதம் பிடித்தாள். அங்கே டாக்டர் குடலில் கிருமி இருக்கிறதா என்று பார்க்க மூச்சுச் சோதனை ஒன்று எழுதினார், இருபது நாள் கழித்து வரச் சொல்லித் தேதி கொடுத்தார்கள்.

அந்தத் தேதிக்குப் பன்னிரண்டு நாள் முன்னால் கணவர் ஒரு புது உறையைக் கொண்டுவந்தார். பாதி சிவப்பு, பாதி மஞ்சள் மாத்திரை.

"இது என்னங்க?"

"வைட்டமின். உடம்பு தேறட்டும். அஞ்சு நாள் போடு."

போட்டாள். வயிறு அமுங்கியது! அவளுக்கே நம்ப முடியவில்லை. "இன்று முழுச் சாப்பாடு. ஊதவில்லை" என்று நோட்டில் நாலைந்து பக்கம் அதையே எழுதினாள். ஆனாலும் தேதி வாங்கியாயிற்றே என்று சோதனைக்குப் போனாள்.

சோதனை அறையில் ஒரு மேசை, ஒரு கருவி, வாயில் வைத்து ஊத ஒரு குழாய். சோதனை செய்யும் பெண் படிவத்தைப் பார்த்துக் கேட்டுக்கொண்டே போனாள். பன்னிரண்டு மணி நேரமாக வெறும் வயிறா? ஆமாம். நேற்று வெள்ளைச் சோறும் முட்டையும்தானா? ஆமாம்.

"நாலு வாரத்துக்குள்ள ஏதாவது ஆன்டிபயாட்டிக் சாப்டீங்களா?"

அவள் வாயைத் திறப்பதற்குள் கணவர் முந்திக்கொண்டார். "ஒண்ணும் இல்லம்மா. மருந்துக்கடை வச்சிருக்கறவன் நான். என் கை படாம இவளுக்கு ஒரு மாத்திரை உள்ள போகாது."

அந்தப் பெண் சிரித்துக்கொண்டே 'இல்லை' என்ற கட்டத்தில் ஒரு குறி போட்டாள்.

முதலில் ஒரு ஊது. பிறகு சர்க்கரைத் தண்ணீர், திகட்டும் அளவுக்கு. அதன் பிறகு கால் மணிக்கு ஒருமுறை, இரண்டு மணி நேரம் ஊதினாள். மூன்று, நாலு, ஐந்து, நாலு. கருவியில் எண் ஏறவே இல்லை. அந்த வாரமே முடிவு வந்தது. ஒன்றும் இல்லை. டாக்டர் அவசரத்தில் இருந்தார். மனநல மருத்துவரைப் பார்க்கச் சொல்லி ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார்.

வீட்டுக்கு வரும் வழியில் கணவர் சொன்னதை அவள் பேருந்திலேயே எழுதிக்கொண்டாள்.

அடுத்த வாரமே வயிறு பழையபடி ஊதியது. இந்தத் தடவை அவள் பக்கம் பேச ஒரு காகிதம்கூட இல்லை. 'மனசுதான்' என்ற சொல் வீட்டிலிருந்து நாத்தனார் வீட்டுக்கும், அங்கிருந்து எப்படியோ அலுவலகத்துக்கும் போனது. நீதிபதி நல்ல மனிதர், அதனால் கத்தவில்லை. "கொஞ்ச நாள் ஆவண அறையில இருங்கம்மா, அங்க தொந்தரவு இல்ல" என்றார். கொஞ்ச நாள் என்றால் என்னவென்று இருபத்திரண்டு வருடம் கேட்டு எழுதியவளுக்குத் தெரியாதா? அவளுடைய நாற்காலியில் புதிதாக ஒரு பெண் வந்து உட்கார்ந்தாள். இவள் நிலவறையில் இருந்த ஆவண அறையில் பழைய வழக்குக் கட்டுகளுக்கு எண் ஒட்டினாள். அங்கே எவ்வளவு ஏப்பம் விட்டாலும் கேட்க ஆள் இல்லை.

எட்டு மாதம் அப்படிப் போனது. பாதம் மரத்துப்போய்ச் செருப்பு கழன்றதுகூடத் தெரியாமல் ஒருநாள் வெறுங்காலோடு வீட்டுப் படி ஏறினாள். அலுவலக மருத்துவ முகாமில் ரத்தம் எடுத்தார்கள். வைட்டமின் பி பன்னிரண்டு அடிமட்டத்தில் கிடந்தது. கணவரிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், வேறொரு ஆஸ்பத்திரியில் குடல் மருத்துவர் ஒருவரிடம் நோட்டோடு போனாள்.

அந்த டாக்டர் அம்மாள் நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "எனக்கு இது புரியாது. நீங்களே படிங்க."

அவள் படித்தாள். நீதிமன்றத்தில் படித்துக் காட்டுவதுபோல ஏற்ற இறக்கம் இல்லாமல் படித்தாள். அந்த அம்மாள் நடுவில் ஒரு தடவைகூட மணி பார்க்கவில்லை. சிவப்பு மஞ்சள் மாத்திரையும், அதன் பிறகு ஊதாத நாட்களும் வந்தபோது கையைக் காட்டி நிறுத்தினார்.

"அந்த வரிய இன்னொரு தடவ படிங்க."

படித்தாள்.

"அஞ்சு நாள் வைட்டமின் சாப்ட்டு யாருக்கும் வயிறு இப்படி அமுங்காதும்மா. அது ஆன்டிபயாட்டிக்கா இருக்கணும்னு நினைக்கிறேன். கிருமிய பாதி கொன்னுட்டு வந்து ஊதினா மெஷின் என்னத்தக் காட்டும்?"

டாக்டர் ஒரு தாளில் படம் போட்டுச் சொன்னார். பெருங்குடலில் கிருமிகள் கோடிக்கணக்கில் இருக்கலாம், சிறுகுடலில் கொஞ்சம்தான் இருக்க வேண்டும். சாப்பாட்டோடு வருவதை வயிற்று அமிலம் கொல்லும், மிச்சத்தைக் குடலின் அசைவு கூட்டித் தள்ளும். அவளுக்கு முப்பது வயதில் குடல்வால் வெடித்து அறுவை நடந்திருக்கிறது. அதன் தழும்பில் குடல் ஒட்டிக்கொண்டு ஓட்டம் மந்தமாகியிருக்கலாம். அமிலத்தையும் ஆறு வருடமாக மாத்திரை அடக்கியிருக்கிறது. கிருமிகள் சிறுகுடலிலேயே குடித்தனம் வந்துவிட்டால், அவளுக்கு முன்னால் அவை சாப்பிட்டு விடும். நரம்புக்கு வேண்டிய பி பன்னிரண்டையும் விடாது, கால் மரத்தது அதனால்தான். அவை விடும் ஹைட்ரஜன் வாயுதான் வயிற்றை ஊதவைக்கிறது. அதில் ஒரு பங்கு ரத்தத்தில் கலந்து மூச்சில் வெளியே வரும். மனித உடம்பு தானாக அந்த ஹைட்ரஜனை உண்டாக்காது, அதனால்தான் மூச்சை அளக்கிறார்கள்.

"நாலு வாரம் கழிச்சு மறுபடி ஊதிப் பாப்போம். அதுவரைக்கும் வீட்லேர்ந்து ஒரு உறையும் வேண்டாம். வைட்டமின்கூட வேண்டாம்."

நாலு வாரமும் கணவர் கொடுத்த உறைகளைக் கை நீட்டி வாங்கி, பழைய கைப்பையில் சேர்த்து வைத்தாள். பிறகு தனியாகப் போய் ஊதினாள். முதலில் நாலு. கால் மணியில் ஏழு. அரை மணியில் இருபத்தொன்று. முக்கால் மணியில் நாற்பத்தாறு. இருபது ஏறினாலே நோய் உறுதியாம். அவள் வயிறு வழக்கம்போல அதே நேரத்துக்கு ஊதி நின்றது. சோதனை செய்தவர் எண்ணைச் சொன்னதும் அவள் அழுதாள். நோய் இருக்கிறது என்று கேட்டு யாராவது சந்தோஷப்படுவார்களா? அவள் பட்டாள்.

பதினாலு நாள் மருந்து, ஒரு நாளைக்கு மூன்று வேளை. ரத்தத்தில் அதிகம் கலக்காமல் குடலுக்குள்ளேயே வேலை பார்க்கிற ஆன்டிபயாட்டிக் அது. பி பன்னிரண்டுக்கு ஊசி. அமில மாத்திரை இனித் தேவையில்லை, படிப்படியாக நிறுத்த வேண்டும். "திரும்பவும் வரலாம், இது அப்படிப்பட்டது. வந்தா உடனே வாங்க" என்றார் டாக்டர். கால் மரப்பு முழுக்கப் போகுமா என்பதற்கு அவர் உறுதி சொல்லவில்லை.

கணவருடைய கடைக்கு நேர் எதிரே இன்னொரு மருந்துக்கடை உண்டு. பதினைந்து வருடப் போட்டி. அவள் சாயங்காலம் ஆறு மணிக்கு, தெருவே கூடி நிற்கும் நேரத்தில், அங்கே போய் நின்று சீட்டை நீட்டினாள். எதிர்க்கடைக்காரருக்குக் கை ஓடவில்லை. கணவர் தன் கடையிலிருந்து இறங்கி ஓடி வந்தார்.

"என்ன இது? நம்ம கடை இருக்கும்போது... மானத்த வாங்கறியா?"

"பேர் எழுதித் தர்ற கடையில வாங்கறேன்."

வீட்டுக்கு வந்து சோதனைத் தாளைக் காட்டினாள். அவர் எண்களைப் பார்த்தார். அவருக்குப் புரியாமல் இல்லை.

"அந்தச் சிவப்பு மஞ்சள் என்னங்க?"

அவர் மென்று விழுங்கினார். "தொற்றா இருக்கும்னு தோணுச்சு. ஆன்டிபயாட்டிக்னு சொன்னா நீ பயப்படுவே. நல்லதுக்குத்தான் கொடுத்தேன்."

"சரி, கொடுத்தீங்க. அந்தப் பொண்ணு கேட்டப்ப ஏன் இல்லன்னீங்க?"

"எல்லார் முன்னாலயும்... டாக்டர் சீட்டு இல்லாம கொடுத்தேன்னு எப்படிச் சொல்றது? கடைக்காரன் நான்."

"சோதனைல ஒண்ணுமில்லன்னு வந்தப்ப ஏன்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்."

அவர் சோதனைத் தாளை நாலாக மடித்தார். தெரிந்திருக்கிறது. எட்டு மாதமும் தெரிந்திருக்கிறது. அவள் நாற்காலி போனபோதும், நாத்தனார் வந்து மந்திரிக்க ஆள் சொன்னபோதும், செருப்பில்லாமல் வீட்டுக்கு வந்தபோதும் தெரிந்துதான் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார்.

நோட்டை எடுத்து, தேதியைச் சொல்லி, பேருந்தில் எழுதிய பக்கத்தைப் படித்தாள். குரலில் ஏற்ற இறக்கம் இல்லை.

"'மெஷின் பொய் சொல்லாது. உனக்கு உடம்புல ஒண்ணும் இல்ல. எல்லாம் உன் மனசு. ஊர்ல நாலு பேர்கிட்ட இத சொல்லித் திரியாத, எனக்குத்தான் அசிங்கம்.'"

அவர் முகம் தொங்கிப்போயிற்று. அந்தக் கோடுகளும் கொக்கிகளும் இத்தனை நாளும் பேசிக்கொண்டிருந்தன என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. கெஞ்சுவதுபோல ஒன்று கேட்டார்.

"அத மட்டுமாவது அடிச்சிடேன்."

அவள் புது மருந்தில் முதல் மாத்திரையைத் தண்ணீரோடு விழுங்கினாள். நோட்டில் மருந்தின் பெயரைப் போட்டாள், நேரத்தைப் போட்டாள். அதற்குக் கீழே அவர் இப்போது சொன்னதையும் ஒரு எழுத்து விடாமல் எழுதினாள்.

"சொன்னத எழுதறதுதாங்க என் வேலை," என்றாள். "அடிக்கற வேலைய யாரும் எனக்குக் கொடுக்கல."