அறை பெயர் இல்லாத ஆறு வரிகள்

எங்கள் கல்லூரியில் தேர்வுக்கு முந்தின நாள் அறிவிப்புப் பலகை முன்னால் நிற்பதைவிட, பனிமயமாதா தேர் கூட்டத்தில் நிற்பது சுலபம். இருக்கைப் பட்டியலை ஒட்டிய அரை மணி நேரத்தில் அங்கே கால் வைக்க இடம் இருக்காது. தேர்வுப் பிரிவுத் தலைமை எழுத்தர் பேச்சிமுத்து அண்ணாச்சி இருபத்திரண்டு வருஷமாக அந்தப் பட்டியலை அச்சடித்து, கண்ணாடிக் கதவு போட்ட பலகைக்குள் ஊசி குத்தி வருகிறார். குத்துவதற்கு முன்னால் அலுவலக உதவியாளர் சீனித்தாய் ஒவ்வொரு வரியாக வாசிப்பாள். அண்ணாச்சி தன்னிடம் உள்ள பிரதியில் சிவப்புப் பென்சிலால் டிக் அடிப்பார். பதிவு எண், அறை, இருக்கை என்று அவள் ராகம் போட்டு வாசிக்க, இவர் "ம்" சொல்ல, இரண்டு மணி நேரம் ஓடும்.

"சபையில சங்கீதம் வாசிக்கிற மாதிரி இருக்கு அண்ணாச்சி" என்று நான் ஒருமுறை சிரித்தேன். நாசரேத்தில் சர்ச்சுக்குப் போய் வளர்ந்த எனக்கு அந்தக் கேலி சுலபமாக வரும். அவர் தலை நிமிரவில்லை.

நான் கணினி அறிவியல் துறை உதவிப் பேராசிரியை, பெயர் ஜெப்ஸி. எனக்கு வாயும் கொஞ்சம் நீளம், நம்பிக்கையும் கொஞ்சம் அதிகம். அந்தப் பருவத்தில் அரியர் எழுதுகிறவர்களும் சேர்ந்து கூட்டம் கூடியதால், பாதிப் பேருக்கு இடம் முத்தையாபுரத்தில் உள்ள எங்கள் நிர்வாகத்துப் பள்ளியில் போட்டிருந்தார்கள். வெளியூர்ப் பிள்ளைகள் தங்கள் இடம் எது என்று பார்க்க மட்டும் ஒரு நாள் பஸ் ஏறி வர வேண்டுமா என்று எனக்குக் கோபம் வந்தது. கோபம் நியாயமானதுதான். அதற்குப் பிறகு நான் செய்ததில்தான் நியாயம் இல்லை.

பலகையில் நான்கு தாள்கள் இருந்தன. இடப்பக்கம் மேலும் கீழுமாக இரண்டு, வலப்பக்கம் மேலும் கீழுமாக இரண்டு. கண்ணாடியில் ஜன்னல் வெளிச்சம் அடித்ததால் போனைக் கிட்டக் கொண்டுபோய் நான்கு படங்கள் எடுத்தேன். மேல் வரிசையில் இரண்டு, கீழ் வரிசையில் இரண்டு என்று, புத்தகம் வாசிக்கிற மாதிரி இடமிருந்து வலமாக. கிட்டப் போனதில் தாளின் அடியில் இருந்த பக்க எண் நான்கிலும் வெட்டுப்பட்டுவிட்டது.

படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும் செயலியில் நான்கையும் எடுத்த வரிசையிலேயே கொடுத்தேன். பதிவு எண், அறை, இருக்கை என்று மூன்று பத்திகளில் அட்டவணை வந்து விழுந்தது. சில இடங்களில் எட்டை ஆங்கில 'பி' என்றும், பூஜ்யத்தை 'ஓ' என்றும் எடுத்திருந்தது. அதையெல்லாம் ஒவ்வொன்றாகத் திருத்தினேன். அறைப் பத்தியில் பெரும்பாலும் வெற்றிடம். அண்ணாச்சியின் பட்டியலில் அறை பெயர் ஒவ்வொரு அறைக்கும் ஒரே ஒரு முறை, முதல் வரியில் மட்டும்தான் இருக்கும். அதனால் என்ன, வெற்றிடம் இருந்தால் மேலே உள்ள பெயரையே கீழே நிரப்பு என்று ஒரு கட்டளை. முடிந்தது வேலை.

சரிபார்க்காமல் இல்லை. பட்டியலில் நூற்று நாற்பத்தெட்டுப் பேர், அட்டவணையிலும் நூற்று நாற்பத்தெட்டு. ஒரே பதிவு எண் இரண்டு முறை வந்திருக்கிறதா என்று பார்த்தேன், இல்லை. பத்து எண்களை எடுத்து இருக்கையைப் படத்தோடு ஒப்பிட்டேன், பத்தும் சரி. அறையை ஒப்பிட வேண்டும் என்று தோன்றவே இல்லை. பதிவு எண்ணை அடித்தால் இடம் காட்டும் ஒரு இணையப் பக்கம் செய்து, அடியில் 'உருவாக்கம்: ஜெ. ஜெப்ஸி' என்று போட்டு, மாணவர் குழுக்களில் இணைப்பை அனுப்பினேன். இருபது நிமிடத்தில் கைதட்டும் படங்கள் வந்து குவிந்தன.

அண்ணாச்சியிடமும் காட்டினேன்.

"நல்லாத்தான் இருக்கு மேடம்" என்றார். "ஆனா போர்டையும் ஒருவாட்டி பாத்துக்கிடுங்கன்னு கீழ ஒரு வரி போட்டிருங்க."

"அப்புறம் இது எதுக்கு அண்ணாச்சி?" என்றேன்.

அன்று சாயங்காலம் இசபெல்லா கேட்டிருந்தாள். தருவைகுளத்துப் பிள்ளை; புள்ளியியல் துறையில் படித்தவள்; நான் அவர்களுக்கு ஒரு பாடம் எடுத்திருக்கிறேன். ஒரே ஒரு அரியர்தான் பாக்கி. அதை எழுதுவதற்கு அவளுக்கு இதுதான் கடைசி வாய்ப்பு. தவறினால் மூன்று வருஷப் படிப்பும் பட்டம் இல்லாமல் போகும். 'மிஸ், நாளைக்கு காலையில வந்து போர்டு பாக்கணுமா?' என்று செய்தி. 'வேண்டாம். லிங்க்ல பாரு. நேரா ஹாலுக்கு வா' என்று பதில் அனுப்பினேன். அந்தப் பதிலை நான் இன்னும் அழிக்கவில்லை.

மறுநாள் காலை எனக்குக் கல்லூரியில் ஒன்பதாம் அறையில் கண்காணிப்பு வேலை. பத்து மணிக்குத் தேர்வு. பத்துக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது இசபெல்லா வாசலில் வந்து நின்றாள். இருபத்தேழாம் இருக்கை தன்னுடையது என்றாள். அந்த இருக்கையில் ஏற்கெனவே ஒருவன் உட்கார்ந்திருந்தான். என் கையிலிருந்த வருகைப் பட்டியலில் அவன் எண்தான் இருந்தது. அவள் எண் அந்த அறையிலேயே இல்லை.

"ஏளா, சரியா பாத்தியா? கண்ணு எங்கன இருந்துச்சு?" என்றேன். முப்பது பேர் பார்க்க, அப்படித்தான் கேட்டேன்.

"பாத்தேன் மிஸ். ரெண்டு வாட்டி பாத்தேன்."

"வெளிய நில்லு. பேப்பர் குடுத்துட்டு வாரேன்."

வினாத்தாள் உறையைப் பிரித்து, கையெழுத்து வாங்கி, விடைத்தாள் எண்களைச் சரிபார்த்து முடிக்கப் பத்தே கால் ஆனது. அதுவரை அவள் வராந்தாவில் நுழைவுச் சீட்டை மடித்தும் விரித்தும் நின்றாள். கண்காணிப்பாளர் கையில் போன் கூடாது என்பதால், அந்த வழியாக வந்த சீனித்தாயிடம் எண்ணை எழுதிக் கொடுத்து அண்ணாச்சியிடம் அனுப்பினேன். அவரே ஓடி வந்தார், கையில் சிவப்பு டிக் போட்ட பட்டியலோடு.

"இது முத்தையாபுரம் ஸ்கூல்லா மேடம். ரெண்டாம் ஹால், இருவத்தேழு. ஒங்க பக்கத்துல என்ன காட்டுது?"

எனக்குப் புரிந்துவிட்டது. அண்ணாச்சி தாள்களை மேலிருந்து கீழாகக் குத்துகிறவர். முதல் தாளுக்கு அடியில் இரண்டாவது, அப்புறம்தான் வலப்பக்கம். முதல் தாளின் நடுவில் தொடங்கிய பள்ளியின் இரண்டாம் ஹால், இரண்டாம் தாளின் தலையில் ஆறு வரி தொடர்ந்தது, அறை பெயர் இல்லாமல். நான் முதல் தாளுக்கு அடுத்து எடுத்த படம் மூன்றாம் தாள். அதன் கடைசி அறை எங்கள் ஒன்பது; அதற்குக் கீழேதான் இரண்டாம் தாள் வந்து ஒட்டியது. அந்த ஆறு பேரையும் 'மேலே உள்ளதையே நிரப்பு' என்று என் கட்டளை ஒன்பதில் கொண்டுவந்து உட்கார வைத்துவிட்டது. அறையையும் இருக்கையையும் சேர்த்து ஒரு தடவை வரிசைப்படுத்தியிருந்தால்கூட, ஆறு நாற்காலியில் இரண்டிரண்டு பேர் இருப்பது கண்ணை உறுத்தியிருக்கும்.

பத்தரைக்கு மேல் யாரையும் உள்ளே விடமாட்டார்கள். அண்ணாச்சி அவளைத் தன் மொபெட்டில் ஏற்றிக்கொண்டு போனார். துறைமுகத்துக்குப் போகிற லாரிகளுக்கு நடுவே எப்படித்தான் ஓட்டினாரோ. பள்ளி வாசலை அடைந்தபோது பத்து முப்பத்தெட்டு. கதவு திறக்கவில்லை. விதி விதிதான், அங்கே இருந்தவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. நான் அவளை வெளியே நிறுத்தாமல் இருந்திருந்தால் நேரத்துக்குப் போயிருப்பாள். அதை யாரும் என்னிடம் சொல்லவில்லை. எனக்கே தெரியும்.

மற்ற ஐந்து பேரும் பலகையைப் பார்த்துவிட்டுச் சரியான இடத்துக்குப் போயிருந்தார்கள். என்னை நம்பியவள் ஒருத்திதான்.

மத்தியானம் எங்கள் துறைத் தலைவர் கூப்பிட்டார். "அது அபீஷியல் லிஸ்ட் இல்ல ஜெப்ஸி. போர்டு பாக்க வேண்டியது ஸ்டூடண்ட் பொறுப்பு. மொதல்ல அந்தப் பக்கத்த எடுத்திரு. யாரும் கேட்டா, டெஸ்டிங்னு சொல்லு." எனக்கு அது காதில் தேனாக விழுந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. அவர் அறையை விட்டு நான் வெளியே வருவதற்குள் பக்கத்தை அழித்துவிட்டேன். வெட்கம் அப்போது வரவில்லை. ஆசுவாசம்தான் வந்தது.

மறுநாள் இசபெல்லா துறை வாசலில் நின்றாள். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"மிஸ், பிரின்சிபால் சார் சொல்லுதாங்க, காலேஜ் மேல தப்புன்னு எழுத்துல இருந்தா யுனிவர்சிட்டிக்கு அனுப்பி ஸ்பெஷல் எக்ஸாம் கேக்கலாமாம். இன்னைக்கு அஞ்சு மணிக்குள்ள குடுக்கணும். ஒங்க பக்கத்த எடுத்துக் காட்டலாம்னு பாத்தேன், வரமாட்டேங்குது." கொஞ்சம் தயங்கினாள். "நெட்டு ஸ்லோவா இருக்குமோ மிஸ்?"

அவளுக்குச் சந்தேகமே வரவில்லை. நான் அழித்திருப்பேன் என்று அந்தப் பிள்ளைக்குத் தோன்றவே இல்லை. அந்த நிமிஷம் என் முகம் எரிந்தது. என் அம்மா முன்னால் பொய் சொல்லிப் பிடிபட்ட வயதில்கூட அப்படி எரிந்ததில்லை.

"நெட்டு இல்ல. நான்தான் அழிச்சேன்" என்றேன்.

"எதுக்கு மிஸ்?" என்றாள். பயந்துட்டேன் என்றேன். அது உண்மை.

அட்டவணையின் மூலக் கோப்பு என் கணினியில் இருந்தது. தவறான ஆறு வரிகளும் மாறாமல் அப்படியே. அச்செடுத்தேன். நான் எடுத்த நான்கு படங்களையும், அவளுக்கு அனுப்பிய 'வேண்டாம். லிங்க்ல பாரு' என்ற பதிலையும் சேர்த்தேன். படங்களை வரிசை மாற்றிக் கொடுத்ததும், அறையைச் சரிபார்க்காததும், அவளை இருபது நிமிடம் வெளியே நிறுத்தியதும், பக்கத்தை அழித்ததும் என் தவறு என்று, அவள் பதிவு எண், சரியான அறை, இருக்கையோடு எழுதிக் கையெழுத்துப் போட்டேன். எனக்கு மெமோ வரும். வரட்டும்.

நாலரை மணிக்கு மூன்று பேரும் தேர்வுப் பிரிவில் இருந்தோம். கல்லூரி முத்திரை பேச்சிமுத்து அண்ணாச்சியிடம் இருந்தது. அவர் என் கடிதத்தை வாங்கி, கண்ணாடியை மாட்டி, ஒரு எழுத்து விடாமல் படித்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. முத்திரையை மையில் ஒற்றியவர், குத்தாமல் நிறுத்தினார். மேஜை டிராயரைத் திறந்து சிவப்புப் பென்சிலையும் தன் பிரதியையும் எடுத்தார். பிறகு கடிதத்தை என் பக்கம் தள்ளினார்.

"வாசிங்க மேடம்."

"அண்ணாச்சி, நான் செக் பண்ணிட்டேன்."

"வாசிங்க."

வாசித்தேன். "இருபத்தொண்ணு. எஸ். டி. பூஜ்யம். நாலு. ஏழு."

"ம்." டிக்.

"இருக்கை இருபத்தேழு."

அவர் பென்சில் அசையவில்லை. காத்திருந்தார். பக்கத்தில் இசபெல்லா நுழைவுச் சீட்டை இரண்டு கையாலும் பிடித்தபடி என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஹாலு?" என்றார் அண்ணாச்சி.

இந்தத் தடவையும் நான் அதைத் தாண்டித்தான் போயிருந்தேன். கடிதத்தில் எண்ணுக்கும் இருக்கைக்கும் நடுவே விரலை வைத்து, விட்டதை வாசித்தேன்.

"முத்தையாபுரம். ரெண்டாம் ஹால்."

"ம்" என்று சொல்லி டிக் அடித்துவிட்டு, முத்திரையைக் குத்தினார்.